தலையாட்டினால் புரிந்ததாகிவிடுமா?

கேள்வி: எங்கள் ஊரில் சுகாதாரத் தன்னார்வலராக இருக்கிறேன். வயிற்றுப்போக்கு பற்றியும், அதற்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். உப்பு-சர்க்கரைக் கரைசல் பற்றியும் அங்கன்வாடியில் தாய்மார்களிடம் ஒரு மணி நேரம் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த வாரம் ஒருவர் வீட்டில் பார்த்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டிய பாக்கெட்டை முழுசாக ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கியிருந்தார். அடுத்த வகுப்பை எப்படி நடத்துவது?
- ஒரு வாசகி

பதில்: அவர் மேல் தப்பில்லை. நீங்கள் பேசினீர்கள், அவர் கேட்டார். கலக்கிப் பார்க்க யாரும் சொல்லவில்லையே.

அடுத்த வகுப்புக்கு 40 நிமிடம் போதும். முதலில் நோக்கத்தை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். "ஓ.ஆர்.எஸ். பற்றித் தெரிந்துகொள்வார்கள்" என்று எழுதினால், தெரிந்துகொண்டார்களா என்று எதை வைத்துப் பார்ப்பீர்கள்? "வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொருவரும் தன் வீட்டுப் பாத்திரத்தில் ஒரு லிட்டர் அளந்து, பாக்கெட்டைச் சரியாகக் கலக்கிக் காட்டுவார்" என்று எழுதுங்கள். வயிற்றுப்போக்கு ஏன் வருகிறது என்ற கதையெல்லாம் இந்த வரிக்குள் வராது. அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவரச் சொல்லுங்கள். சிக்கலே அங்கேதான். ஒரு வீட்டுச் சொம்பு இன்னொரு வீட்டுச் சொம்பு அளவு இருக்காது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி அவரவர் பாத்திரத்தில் ஊற்றி, தண்ணீர் எந்த மட்டத்துக்கு வருகிறதென்று பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் ஐந்து நிமிடம் செய்து காட்டினால் போதும், அடுத்த இருபது நிமிடம் அவர்கள் கையில். இரண்டிரண்டு பேராக உட்காரட்டும். ஒருவர் கலக்க, மற்றவர் பார்த்துத் திருத்தட்டும். தண்ணீர் குறைந்தால் உப்பு கூடி குழந்தைக்கே ஆபத்து, அதிகமானால் மருந்து சரியாக வேலை செய்யாது என்பதை அப்போது சொல்லுங்கள். கையில் பாத்திரம் இருக்கும்போது கேட்டது மறக்காது.

அப்புறம், "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்குப் பதில் எப்போதும் "புரிஞ்சுது"தான். "நான் சரியாச் சொன்னேனான்னு தெரியணும், உங்க நாத்தனாருக்குச் சொல்ற மாதிரி எனக்குச் சொல்லுங்க" என்று கேளுங்கள். சோதனை உங்களுக்குத்தான் என்றால் அவர்களுக்குக் கூச்சம் இருக்காது. ஒரு கேள்வியும் வையுங்கள்: "நேத்து காலையில கலக்கினது இன்னைக்கு மத்தியானமும் மிச்சம் இருக்கு, குடுக்கலாமா?" 24 மணி நேரம் தாண்டியதைக் கொட்டிவிட வேண்டும். பாதிப் பேர் "குடுக்கலாம்" என்றால், அந்த இடத்தை நீங்கள் சரியாகச் சொல்லவில்லை என்று அர்த்தம், திரும்பச் சொல்லுங்கள்.

கடைசியாக, 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டை நீட்டி "இதுக்கு எவ்வளவு தண்ணி?" என்று கேளுங்கள். எல்லாப் பாக்கெட்டுக்கும் ஒரு லிட்டர்தான் என்று மனப்பாடம் செய்தவர் அங்கே மாட்டிக்கொள்வார். படிக்கத் தெரியாதவர், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைக் கடைக்காரரிடமோ உங்களிடமோ கேட்டுக்கொள்ளட்டும்.

இரண்டு வாரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் மூன்று வீட்டுக்குப் போய், ஒரு பாக்கெட்டைக் கொடுத்துக் கலக்கச் சொல்லிப் பாருங்கள். அந்த டம்ளர்காரர் வீட்டையும் சேர்த்துத்தான்.