14 சீட்டுக்கு பில்: மச்சானின் மூன்றைக் கழிக்காதீர்கள்

கேள்வி: மன்னார்குடியில் உரம், பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் பில்லிங் சாப்ட்வேருக்கு ஒருவர் லாகினுக்கு ஒரு சீட் என்ற கணக்கில், சீட் ஒன்றுக்கு மாதம் 750 ரூபாய். நாங்கள் ஆறு பேர்தான். இந்த வருட பில் 14 சீட்டுக்கு, வரியோடு 1,48,680 ரூபாய் வந்திருக்கிறது. மூன்று முறை போன் செய்தேன். "முதலில் கட்டுங்கள், அடுத்த வருடம் கழிக்கிறோம், மூன்று வருடத் திட்டம் எடுத்தால் 20 சதவீதம் தள்ளுபடி" என்கிறார்கள். குறுவைக்குச் சரக்கு எடுத்ததில் கையில் பணமில்லை. நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாமா? யூசர் பட்டியலும் ஒப்பந்தமும் இணைத்திருக்கிறேன்.

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும். தப்பான பில்லுக்கு வட்டி கட்டக் கூடாது. ஆனால் நீங்கள் நினைப்பது போல எட்டு சீட்டும் அவர்கள் தவறு இல்லை.

பட்டியலை வரி வரியாகப் பார்த்தேன். ஆறு பேர் உங்கள் ஆட்கள். சம்பா சீசனுக்கு வந்த மூன்று பையன்களின் லாகினை ஜனவரியிலேயே நிறுத்திவிட்டீர்கள். கிளை மேனேஜருக்கும் கணக்குப் பிள்ளைக்கும் அவரவர் இரண்டாவது மெயிலுக்கு ஆளுக்கொரு அழைப்பு போயிருக்கிறது. அந்த இரண்டையும் யாரும் திறக்கவே இல்லை. ஆக, இந்த ஐந்து சீட்டு அவர்கள் தவறு. மீதி மூன்று உங்கள் மச்சான் கடை ஆட்கள். அதில் ஒருவர் போன வாரம்கூட உள்ளே வந்திருக்கிறார். அந்த மூன்றுக்குப் பணம் கேட்பது நியாயம்தான்.

உங்கள் ஒப்பந்தத்தில் "புதுப்பிக்கும் நாளில் இயங்கும் லாகின்கள்" என்று இருப்பதால் தப்பித்தீர்கள். பல நிறுவனங்களில் லாகினை நிறுத்துவது வேறு, சீட்டைக் குறைப்பது வேறு. குறைக்கச் சொல்லி முன்கூட்டியே எழுதாவிட்டால் பில் ஓடிக்கொண்டே இருக்கும்.

சீட்டுக்கு வருடம் 9,000. ஒன்பது சீட்டுக்கு 81,000, அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 95,580. கூடுதலாகக் கேட்டிருப்பது 53,100 ரூபாய். போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை. பில் நம்பரைத் தலைப்பில் போட்டு, இப்படி மெயில் அனுப்புங்கள்:

"ஐயா, மேற்கண்ட பில்லில் 14 சீட் கணக்கிடப்பட்டுள்ளது. புதுப்பித்த நாளில் இயங்கியவை 9. மூன்று லாகின்கள் ஜனவரியில் நிறுத்தப்பட்டவை; இரண்டு ஏற்கப்படாத அழைப்புகள். பட்டியலின் படத்தையும் ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தையும் இணைத்துள்ளேன். ரூ.53,100-க்கு ஜிஎஸ்டியுடன் கிரெடிட் நோட் தரவும். மறுப்பில்லாத ரூ.95,580-ஐ உரிய தேதிக்குள் செலுத்துகிறேன். இது முடியும் வரை லாகின்களை நிறுத்த வேண்டாம்."

அவ்வளவு போதும். கோபம், பழைய கதை எதுவும் வேண்டாம்.

"அடுத்த வருடம் கழிக்கிறோம்" என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த பில் அவர்களுடைய விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-இல் ஏறியிருந்தால், நீங்கள் எடுக்கக்கூடிய வரியைக் காட்டும் 2பி பட்டியலில் 22,680 வரி தெரியும். அதில் 8,100 உங்களுடையது இல்லை. முழுவதையும் எடுத்துவிட்டால் பிறகு திருப்ப வேண்டிவரும். ஆடிட்டரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். வரியைக் குறைக்கும் கிரெடிட் நோட்டுக்கும் கெடு உண்டு: பில் போட்ட நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30. வாய்வார்த்தையாக விட்டால் அது தாண்டிப் போகலாம்.

கார்டில் ஆட்டோ டெபிட் கொடுத்திருந்தால், 15,000 ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு ஓடிபி கேட்கும். அவசரத்தில் அதைப் போட்டுவிடாதீர்கள்.

மூன்று வருடத் தள்ளுபடி இப்போது எல்லோரும் நீட்டுகிற மிட்டாய். 14 சீட்டுக்கு மூன்று வருடம் 3,78,000. 20 சதவீதம் போனால் 3,02,400. உங்களுக்குத் தேவையான ஆறு சீட்டுக்குத் தள்ளுபடியே இல்லாமல் 1,62,000தான், வரி தனி. இதில் எங்கே லாபம்?

அப்புறம், மச்சான். கேட்டவருக்கெல்லாம் லாகின் திறந்து கொடுத்துவிட்டு மூடாமல் விடுவதுதான் உங்களைப் பிடித்திருக்கும் நோய். அந்த மூன்று சீட்டுக்கு வருடம் 31,860 உங்கள் கையிலிருந்து போகிறது. பணத்தைவிட எனக்குக் கவலை வேறு. அந்த லாகின்களுக்கு விற்பனை, பாக்கி இரண்டையும் பார்க்கும் அனுமதி இருக்கிறது. எந்த விவசாயி எத்தனை மூட்டை யூரியா கடனில் எடுத்தார், யார் அறுவடைக்குப் பிறகு தருவதாகச் சொன்னார் என்பதெல்லாம் அடுத்த கடை ஆட்கள் கண்ணில் படுகிறது.

இந்த வருடத் தொகையை மச்சானிடம் வீட்டில் வைத்து நேராகக் கேளுங்கள். பில் உங்கள் பெயரில் இருப்பதால் அவரால் வரியை எடுத்துக்கொள்ள முடியாது. அவருடைய ஜிஎஸ்டி எண்ணில் தனிக் கணக்கு தொடங்கினால் அவருக்கும் நல்லது. அதற்கு ஒரு மாதம் கொடுங்கள். அதுவரை பாக்கி பார்க்கும் அனுமதியை இன்று இரவே எடுத்துவிடுங்கள். சீசன் பையன்களுக்குக் கடைசிச் சம்பளம் எண்ணிக் கொடுக்கும் மேஜையிலேயே லாகினை மூடி, சீட்டைக் குறைக்கச் சொல்லும் மெயிலையும் அனுப்பிவிடுங்கள்.