மேட்ரிக்ஸில் கட்டம் நிரம்பியிருக்கிறது, டெஸ்ட் நடந்ததா?

கேள்வி: சேர், திருகோணமலையில் நாங்கள் ஐந்து பேர் உள்ள சின்ன சாஃப்ட்வேர் குழு. நிலாவெளியிலிருந்து புறாமலைக்குப் போகும் படகுகளில் இருக்கை பதிவு செய்யும் சிஸ்டம் ஒன்றைச் செய்கிறோம். 64 தேவைகள், 150 டெஸ்ட் கேஸ்கள். "எல்லாத் தேவையையும் டெஸ்ட் செய்துவிட்டீர்களா?" என்று வாடிக்கையாளர் கேட்கிறார். எந்தத் தேவையை எந்த டெஸ்ட் சோதிக்கிறது என்று காட்டும் ட்ரேசபிலிட்டி மேட்ரிக்ஸ் எக்செலில் இருக்கிறது, வெற்றுக் கட்டம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் "ஓம்" என்று சொல்லப் பயமாக இருக்கிறது. எப்படி உறுதிப்படுத்துவது?

பதில்: பயப்படுவது சரிதான். வெற்றுக் கட்டம் கண்ணில் பட்டுவிடும். ஏதோ ஒரு டெஸ்ட் எண்ணைப் போட்டு நிரப்பிய கட்டம்தான் ஏமாற்றும்.

முதலில் ஷீட் எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். டெஸ்ட் கேஸுக்கு எதிரே ஒரே கட்டத்தில் தேவை எண்களை R3, R10, R12 என்று காற்புள்ளி போட்டு அடுக்கியிருக்கிறீர்களா? அப்படியானால் அதில் எண்ணிப் பார்ப்பதே ஆபத்து. R1 எத்தனை இடத்தில் வருகிறது என்று "*R1*" போட்டு எண்ணினால் எக்செல் R10 முதல் R19 வரைக்கும் சேர்த்தே எண்ணும். முன்பு வேலை பார்த்த இடத்தில் நானே இதில் மாட்டியிருக்கிறேன். R1-க்கு ஏழு டெஸ்ட் என்று காட்டியது. உண்மையில் ஒன்றுகூட இல்லை.

ஆகவே எண்களை R-001, R-014 என்று ஒரே நீளமாக வையுங்கள். பிறகு மூன்று ஷீட்டாகப் பிரியுங்கள். Req ஷீட்டில் தேவையின் எண்ணும் வாசகமும். Tests ஷீட்டில் டெஸ்டின் எண், தலைப்பு, கடைசி முடிவு, கடைசியாக ஓட்டிய திகதி. Links ஷீட்டில் தேவை எண்ணும் டெஸ்ட் எண்ணும் மட்டும், ஒரு இணைப்புக்கு ஒரு வரி. ஒரு டெஸ்ட் மூன்று தேவையைத் தொட்டால் மூன்று வரி. பார்வைக்கு அழகாக இராது, ஆனால் கணக்கு பிசகாது.

Links ஷீட்டின் C நிரலில் அந்த டெஸ்டின் கடைசி முடிவை வரவழையுங்கள்:

```
=IFERROR(VLOOKUP(B2,Tests!A:D,3,FALSE),"Missing")
```

Missing என்று வந்தால் அந்த டெஸ்டை யாரோ அழித்துவிட்டார்கள், அல்லது எண்ணைத் தவறாக அடித்திருக்கிறார்கள். எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஒரு வெற்றிடம் போதும், பொருந்தாமல் போய்விடும். அப்புறம் Req ஷீட்டில் C, D நிரல்கள்:

```
=COUNTIF(Links!A:A,A2)
=COUNTIFS(Links!A:A,A2,Links!C:C,"Pass")+COUNTIFS(Links!A:A,A2,Links!C:C,"Fail")
```

C எத்தனை டெஸ்ட் எழுதியிருக்கிறது என்று சொல்லும். D எத்தனை டெஸ்டை உண்மையில் ஓட்டியிருக்கிறது என்று சொல்லும். Fail-ஐயும் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். தோற்ற டெஸ்டும் நடந்த டெஸ்டுதான். அங்கே இருப்பது பிழை, இடைவெளி அல்ல. NotRun, Blocked இரண்டும் D-யில் சேராது.

C பூச்சியமான வரிகள் உங்களிடம் அதிகம் இராது. C-யில் எண் இருந்து D பூச்சியமாக இருக்கும் வரிகளைத் தேடுங்கள். உங்கள் சிஸ்டத்தில் எங்கே அது வரும் என்று ஊகிக்கச் சொன்னால், கடல் கொந்தளித்துப் பயணம் ரத்தானால் பயணிக்கு அவர் தெரிந்தெடுத்த மொழியில் எஸ்எம்எஸ் போக வேண்டும் என்ற வகைத் தேவையில் என்பேன். டெஸ்ட் கேஸ் அழகாக எழுதியிருப்பீர்கள். ஆனால் டெஸ்ட் சேர்வரில் எஸ்எம்எஸ் இணைப்பு இல்லாததால் Blocked என்று போட்டுவிட்டு நகர்ந்திருப்பீர்கள். மேட்ரிக்ஸில் மட்டும் அந்தக் கட்டம் நிரம்பியே இருக்கும். ஓட்டிப் பார்த்தால்தான் வில்லங்கம் தெரியும்: சாதாரண ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து கொள்ளும், தமிழில் 70தான். அந்த 70-இலும் 'கு' போன்ற எழுத்து மெய், உயிர்க்குறி என்று இரண்டாகக் கணக்காகும். ஆங்கிலத்தில் ஒரே செய்தியாகப் போவது தமிழில் இரண்டு மூன்றாக உடையும், கட்டணமும் அதற்கேற்ப ஏறும்.

இதுவரைக்கும் சூத்திரம் பிடித்துக் கொடுத்தது. இனி வருவதை எந்தச் சூத்திரமும் பிடிக்காது, உட்கார்ந்து வாசிக்கத்தான் வேண்டும். உதாரணத்துக்கு R-014 இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: "பயணியின் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைப் பழைய முறையிலும் புதிய முறையிலும் ஏற்க வேண்டும், வெளிநாட்டவர் கடவுச்சீட்டு இலக்கம் தரலாம்." எதிரே TC-031, முடிவு Pass. சூத்திரத்தைக் கேட்டால் எல்லாம் சுகம்.

TC-031-ஐத் திறந்து உள்ளே இருக்கும் படிகளைப் பாருங்கள். 12 இலக்கம் கொண்ட ஒரு புதிய அட்டை இலக்கத்தைக் கொடுக்கிறது, பதிவு வெற்றி என்று முடிக்கிறது. அவ்வளவுதான். 2016-க்கு முன் வந்த அட்டைகளில் 9 இலக்கமும் பின்னால் V அல்லது X எழுத்தும் இருக்கும். அப்பா, அம்மா வயதுக்காரர் பலர் இன்றைக்கும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் இலக்கம் மட்டுமே அடிக்கலாம் என்று உங்கள் டெவலப்பர் வைத்திருந்தால் V விழாது, கடவுச்சீட்டின் எழுத்தும் விழாது. வரி பச்சையாக இருக்கும்போதே தேவையின் மூன்று பங்கில் இரண்டு பங்கை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

இதைக் கண்டுபிடிக்க நான் செய்வது எளிது. தேவையின் வாசகத்தில் 'உம்', 'அல்லது', 'தவிர', 'எனில்' வரும் இடங்களையெல்லாம் கோடிடுவேன். தமிழில் 'உம்' நல்ல காட்டிக்கொடுப்பான். கோடு விழுந்த இடத்தில் தேவையை உடைத்து R-014a, R-014b, R-014c என்று தனித்தனி வரியாக்குங்கள். TC-031-ஐப் புதிய முறைக்கான b-க்கு மட்டும் இணையுங்கள். உடனே a, c இரண்டிலும் C நிரல் பூச்சியத்தைக் காட்டும். மறைந்திருந்த இடைவெளி வெற்றுக் கட்டமாகிவிடும், அதுதானே நமக்கு வேண்டியது.

டெஸ்டை எழுதியவரே இதை வாசிக்கக் கூடாது, மற்றவர் வாசிக்கட்டும். எழுதியவர் மனதில் இருப்பதையும் சேர்த்து வாசித்துவிடுவார். 64 தேவை என்பது இரண்டு பேருக்கு ஒரு நாள் வேலை.

இன்னொன்று. டெஸ்ட் ஓட்டிய பிறகு தேவை மாறியிருந்தால் அந்தப் பழைய Pass செல்லாது. சிறுவர் கட்டணத்துக்கான வயதெல்லையைப் பாதியில் மாற்றியிருப்பீர்கள், மேட்ரிக்ஸ் அதை அறியாது. Req ஷீட்டின் E நிரலில் கடைசியாக மாற்றிய திகதியை எழுதி, Links ஷீட்டின் D நிரலில் இதைப் போடுங்கள்:

```
=IF(VLOOKUP(B2,Tests!A:D,4,FALSE)<VLOOKUP(A2,Req!A:E,5,FALSE),"Recheck","")
```

ஓட்டாத டெஸ்டில் திகதி வெறுமையாக இருப்பதால் அதற்கும் Recheck வரும், அது நல்லதுதான்.

சரி, வாடிக்கையாளருக்கு என்ன சொல்வது? "ஓம்" என்ற ஒற்றைச் சொல் வேண்டாம். உடைத்த பிறகு மொத்தம் எத்தனை தேவை, அதில் எத்தனை ஓட்டியாகிவிட்டது என்று சொல்லுங்கள். ஓட்டாதவற்றை ஒவ்வொன்றாகக் காரணத்தோடு எழுதிக் கொடுங்கள். எஸ்எம்எஸ் வரிக்கு எதிரே "இணைப்புக் கிடைத்ததும் இரண்டு நாளில் ஓட்டலாம்" என்று இருந்தால், அந்த இணைப்பை வாங்கித் தரும் பொறுப்பு அவர் பக்கம் போகும். அது இல்லாமலே சீசனைத் தொடங்குகிறேன் என்று அவர் சொன்னால், அந்த வரியிலேயே அவர் பெயரையும் திகதியையும் எழுதி வையுங்கள்.