அம்மாவின் மூன்று மணி விழிப்பு

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. இரவு 8 மணிக்குப் படுப்பார். அதிகாலை 3 மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு, "பொட்டுத் தூக்கம் இல்லை" என்பார். தெரிந்தவர் சொன்னதால் ஆறு வாரமாகத் தினமும் படுக்கும்போது அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம் கொடுக்கிறோம். போன வாரம் நள்ளிரவில் குளியலறைக்குப் போகும்போது விழுந்துவிட்டார். மாத்திரையை நிறுத்திவிடலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: நிறுத்தத்தான் வேண்டும்; ஆனால் இன்றிரவே அல்ல. ஆறு வாரம் பழகிய உடம்பில் திடீரென நிறுத்தினால் தூக்கமின்மை முன்பைவிட மோசமாகத் திரும்பும். நடுக்கம், படபடப்பு, சிலருக்கு வலிப்புகூட வரலாம். மருத்துவர் படிப்படியாக அளவைக் குறைத்து, சில வாரங்களில் நிறுத்துவார். விழுந்தபோது தலையில் அடிபட்டதா? தலைவலி, வாந்தி, வழக்கத்துக்கு மாறான மயக்கம் இருந்தாலோ, அவர் ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தாலோ இன்றே அழைத்துப் போங்கள்.

அந்த விழுகைக்கு மாத்திரையைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். இளவயதினர் உடலில் அல்பிரசோலம் பாதியாகக் குறைய சுமார் 11 மணி நேரம் ஆகும். முதியவர்களுக்குச் சுமார் 16 மணி நேரம். கல்லீரல் அதை மெதுவாகத்தான் சிதைக்கிறது. இரவு 8 மணிக்குப் போட்டது மறுநாள் நண்பகலிலும் பாதி இருக்கும்; அடுத்த மாத்திரையை விழுங்கும்போது முந்தையதில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருக்கும். அந்த மிச்சத்தோடு இருட்டில் எழுந்து நடந்தால் கால் தள்ளாடாமல் என்ன செய்யும்? பகலில் மறதி, குழப்பம் தெரிந்தால் அதையும் வயதின் தலையில் கட்டிவிடாதீர்கள். வேறு தூக்க மாத்திரைக்கு மாற்றலாமே என்று தோன்றும். சோல்பிடெம் போன்றவற்றிலும் விழும் ஆபத்து உண்டு.

இப்போது அம்மாவின் தூக்கத்துக்கு வருவோம். 8 முதல் 3 வரை ஏழு மணி நேரம்! அந்த வயதுக்கு இது போதுமானதே. வயது ஏற ஏற மூளையின் கடிகாரம் முந்தி ஓடும். சீக்கிரம் தூக்கம் வரும், சீக்கிரம் விழிப்பும் வரும். ஆழ்ந்த தூக்கம் குறைவதால் சின்னச் சத்தத்துக்கும் கண் திறந்துவிடும். காலையில் அந்த விழிப்புகள்தான் நினைவில் நிற்கும், இடையில் தூங்கியது நிற்காது.

படுக்கும் நேரத்தை வாரத்துக்குக் கால் மணியாகத் தள்ளி 10 மணிக்குக் கொண்டுவாருங்கள். சாயங்கால வெளிச்சத்தில் அரை மணி வாசலில் உட்காரவோ நடக்கவோ செய்யட்டும். கடிகாரம் கொஞ்சம் பின்னுக்கு நகரும். மதியத் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம். ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரை அதிகரிக்கும் மாத்திரையை மாலையில் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். அப்படியானால் காலைக்கு மாற்றலாமா என மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை கட்டிலிலிருந்து குளியலறை வரை ஒரு சிறு விளக்கு எரியட்டும்.