நெல்லைப் பேச்சுப் பதிவைச் சுருக்கும்போது வினைமுடிவைக் கவனியுங்கள்

கேள்வி: "2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்து ஊர்க்காரர்கள் பேசிய ஒலிப்பதிவுகளைச் சுருக்கி எழுதித் தர வேண்டும். நான் வேலூர்க்காரன். கொச்சையும் வட்டார வழக்கும் நிறைய வருகிறது. அவர்கள் சொன்னது மாறாமல் எப்படிச் சுருக்குவது?"

நான் தாமிரபரணிக் கரையில் பிறந்தவன். ஊர்ப் பெரியவர்களின் பேச்சுப் பதிவுகளை எழுத்தாக்குவதும் சுருக்குவதும் என் வேலையில் ஒரு பகுதி. வெளியூர்க்காரர்கள் எழுதிய சுருக்கங்களைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கிற வேலையும் வரும். அதில் நான் கண்டது இது: புரியாத சொல்லால் பெரிய தவறு நேர்வது குறைவு. 'வெரசா', 'பைய', 'கோட்டி' என்று ஏதாவது வந்தால் எழுதுகிறவர் நின்று யாரிடமாவது கேட்டுவிடுகிறார். புரிந்த மாதிரி இருக்கிற சொல்தான் ஆபத்து. அதுவும் பெரும்பாலும் வினையின் வாலில் இருக்கும்.

இந்தப் பதிவுகளில் வரக்கூடிய ஒரு துண்டை நானே எழுதிக் காட்டுகிறேன். பேசுவது வயதான ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ராத்திரி பூரா மழ கொட்டிட்டு. ரெண்டு மணி போல வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டு. நான்தான் கதவத் தொறந்து பாத்தேம்லா. தையல் மிசினத் தூக்கலாம்னு போனேன், 'ஏட்டி, அந்தச் சவத்த விட்டுட்டு வா'ன்னு அவிய சத்தம் போட்டாவ. விடிஞ்ச பெறவு கொளம் ஒடஞ்சிட்டுன்னாவ. ஆபீசர்மாரு வந்து எழுதிட்டுப் போனாவ. குடுத்தாவ நல்லா!"

வட மாவட்டத்துக் காதோடு அவசரமாகக் கேட்ட ஒருவர் இதை இப்படிச் சுருக்கக்கூடும்: "இரவு முழுவதும் பெய்த மழையில் குளம் உடைந்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அங்கே கிடந்த சடலத்தை விட்டுவிட்டு வருமாறு உறவினர்கள் கூறினர். அதிகாரிகள் வந்து கணக்கெடுத்து நல்ல நிவாரணம் வழங்கினர்."

படிக்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் மூன்று வாக்கியமும் தப்பு.

முதலில் அந்த 'ட்டு'. சென்னையிலும் வேலூரிலும் 'வந்துட்டு' என்றால் 'வந்துவிட்டு'. அடுத்து இன்னொரு வினை வர வேண்டும். நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கம் 'தண்ணி வந்துட்டு' என்றால் 'தண்ணீர் வந்துவிட்டது'. வாக்கியம் அங்கேயே முடிந்துவிட்டது. இது தெரியாதவர் முடிந்த வாக்கியங்களை எல்லாம் எச்சமாக எடுத்து ஒன்றோடொன்று கோத்துவிடுவார். கோத்த உடனே முன் பின் மாறும், ஒன்று இன்னொன்றுக்குக் காரணமாகிவிடும். அந்த அம்மா குளம் உடைந்ததால் தண்ணீர் வந்தது என்று சொல்லவே இல்லை. தண்ணீர் ராத்திரி இரண்டு மணிக்கு வந்தது. குளம் உடைந்த செய்தி விடிந்தபிறகு காதில் விழுந்தது. வெள்ளத்துக்கு எது காரணம் என்று விசாரிக்கிற ஒருவர் கையில் உங்கள் சுருக்கம் போனால், அந்த அம்மா சொல்லாத சாட்சியத்தை அவர் வாயில் நீங்கள் வைத்ததாகிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அஃறிணைக்குத்தான் இந்த 'ட்டு' முற்றாக வரும். மழை, தண்ணீர், குளம், கரண்ட், பஸ் என்று எழுவாய் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆள் என்றால் 'வந்துட்டான்', 'வந்துட்டாவ' என்றுதான் வரும். ஆகவே 'ஆபீசர்மாரு எழுதிட்டுப் போனாவ' என்பதில் இருப்பது நம் எல்லாருக்கும் தெரிந்த எச்சம்தான். குரலையும் கேளுங்கள். முற்று என்றால் குரல் கீழே இறங்கி ஒரு நொடி நிற்கும். எச்சம் என்றால் மூச்சு விடாமல் அடுத்த வினைக்குப் போகும். இந்த இடங்களில் எழுத்துப்படியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். படியில் அந்த இடைவெளி இருக்காது.

அடுத்தது 'ஆவ'. 'சத்தம் போட்டாவ', 'ன்னாவ', 'போனாவ', 'குடுத்தாவ' என்று நான்கு தடவை வருகிறது. இந்த விகுதி பலரையும் குறிக்கும், மரியாதைக்குரிய ஒருவரையும் குறிக்கும். மதுரை, சிவகங்கைப் பக்கத்து 'வந்தாக' மாதிரிதான். 'அவிய சத்தம் போட்டாவ' என்று இந்த அம்மா சொல்வது அநேகமாகத் தன் வீட்டுக்காரரை. பெயர் சொல்லாத அந்தத் தலைமுறைப் பெண்கள் பேச்சில் கணவருக்கு 'அவிய'தான். அதை 'உறவினர்கள்' என்று எழுதினால் வீட்டில் இல்லாத கூட்டம் ஒன்று சுருக்கத்தில் வந்து உட்காரும். ஆபீசர்மாருக்கு வரும் 'ஆவ' பன்மை. 'மாரு' என்று அவரே சொல்லிவிட்டார். நடுவில் வரும் 'ஒடஞ்சிட்டுன்னாவ' யார் சொன்னது? கணவரா, ஊராரா? இந்தத் துண்டுக்குள் அதற்குப் பதில் இல்லை. முன்னும் பின்னும் சில நிமிடங்கள் கேட்டுப் பாருங்கள். அப்போதும் தெரியாவிட்டால் 'குளம் உடைந்ததாக விடிந்தபின் சொல்லக் கேட்டார்' என்று எழுதுங்கள். எத்தனை பேர் சொன்னார்கள் என்று சொல்லாமலே வாக்கியத்தை முடிக்கத் தமிழில் இடம் இருக்கிறது.

இதே 'ன்னாவ'வில் இன்னொன்றும் இருக்கிறது. வீட்டுக்குள் தண்ணீர் வந்ததை அவர் கண்ணால் பார்த்தார். குளம் உடைந்ததைப் பார்க்கவில்லை. கண்டது, கேட்டது என்ற இந்தப் பிரிவைத்தான் சுருக்குகிறவர்கள் முதலில் வெட்டுகிறார்கள், சொல் மிச்சமாகும் என்பதால். வேறு எதை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள். 'வந்தானாம்', 'செத்துட்டானாம்' என்று 'ஆம்' வரும் இடமெல்லாம் கேள்விப்பட்டதுதான்.

இங்கே காது ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. 'பாத்தேம்லா', 'வந்தாம்லா' என்று வருவதில் உள்ள 'ம்' கேள்விப்பட்டதைக் காட்டும் 'ஆம்' இல்லை. 'பார்த்தேன் அல்லவா', 'வந்தான் அல்லவா' என்பதுதான் அப்படித் தேய்ந்து நிற்கிறது. 'லா'வுக்கு முன்னால் 'ன்' 'ம்' ஆகிவிடும். 'வந்தாம்லா' என்றால் அவர் உறுதியாகச் சொல்கிறார், நீங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்கிறார். இதைச் சிலர் 'வந்தான் இல்ல' என்று படியெடுத்து, வந்தவனை வராதவனாக்கி விடுவதும் உண்டு. சந்தேகம் வந்தால் 'அல்லவா'வை அந்த இடத்தில் போட்டு வாசித்துப் பாருங்கள். பொருந்தினால் அது 'லா'.

சரி, 'சவம்'. எங்கள் பக்கம் எரிச்சல் வந்தால் எந்தப் பொருளும் சவம்தான். ஓடாத மோட்டார், திறக்காத பூட்டு, சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளை என எல்லாவற்றுக்கும் அதே வசவு. இங்கே அது தையல் மிசின். ஆனால் பேச்சு வெள்ளத்தைப் பற்றியது, வெள்ளத்தில் உயிர்களும் போயின. அதனால் 'சடலம்' என்று எழுதுகிறவருக்குச் சந்தேகமே எழாது. மற்ற பதிவுகளில் இப்படி ஒரு பிழை சிரிப்போடு போய்விடும். சாவு நடந்த இடத்தில் அது பொய்ச் சாட்சி. இறந்தவரைச் சொல்லும்போது பெரும்பாலும் பெயரோ உறவோ கூடவே வரும், குரலும் மாறும். வசவு என்றால் 'அந்தச் சவம்', 'சவத்தத் தூரப் போடு' என்று வேகமாக வந்து போகும். சுருக்கத்தில் வசவு தேவையில்லை. 'தையல் இயந்திரத்தை எடுக்கப் போனபோது கணவர் தடுத்தார்' என்றால் போதும்.

கடைசி வரி 'குடுத்தாவ நல்லா!' வினை முன்னால் வந்து 'நல்லா' பின்னால் இழுத்து நின்றால் அது கசப்பு. கொடுக்கவில்லை என்று அர்த்தம். 'குடுத்துக் கிழிச்சாவ' என்பதும் அதுவே. ஆனால் ஒன்றுமே கொடுக்கவில்லையா, கொடுத்தது போதவில்லையா என்று இந்த வரியை வைத்து மட்டும் சொல்ல முடியாது. அடுத்து என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். இந்த மாதிரி வரிக்குப் பின்னால் வழக்கமாக விவரம் வரும். வராவிட்டால் 'நிவாரணம் குறித்துக் கசப்போடு பேசுகிறார்' என்பதோடு நில்லுங்கள்.

இப்போது அந்தத் துண்டை இப்படிச் சுருக்கலாம்: "இரவு முழுவதும் கனமழை. சுமார் இரண்டு மணிக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்ததைத் தானே கதவைத் திறந்து பார்த்தார். தையல் இயந்திரத்தை எடுக்கப் போனபோது கணவர் (பதிவில் 'அவிய') தடுத்தார். குளம் உடைந்ததாக விடிந்தபின் சொல்லக் கேட்டார். அதிகாரிகள் வந்து எழுதிச் சென்றதைச் சொல்லி, நிவாரணம் குறித்துக் கசப்போடு பேசுகிறார்." தவறான சுருக்கத்தைவிட இது நீளம்தான். அந்த நீளம் தேவை.

வேலை செய்யும் முறை பற்றியும் கேட்பீர்கள். பதிவு முழுவதையும் எழுத்தாக்க நேரம் இருக்காது. நேரம், அளவு, ஆள், காரணம், குற்றச்சாட்டு வரும் இடங்களை மட்டும் காதில் விழுந்தபடியே, 'ஒடஞ்சிட்டுன்னாவ' என்றே, நிமிடக் குறிப்போடு எழுதிக்கொள்ளுங்கள். கேட்கும்போதே 'உடைந்ததாம்' என்று திருத்தி எழுதினால் பிறகு சரிபார்க்க எதுவும் இருக்காது. அதன் பக்கத்தில் எழுத்துத் தமிழ், அதற்கும் பக்கத்தில் 'கண்டது' அல்லது 'கேட்டது'. சுருக்கத்தை இந்தக் குறிப்பிலிருந்து எழுதுங்கள், ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். முடித்தபின் சுருக்கத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பதிவில் எந்த நிமிடம் என்று காட்ட முடிகிறதா பாருங்கள். காட்ட முடியாத வாக்கியம் நீங்கள் சேர்த்தது.

ஊர்ச்சொற்களில் சிலவற்றை அப்படியே விட வேண்டும். எங்கள் பக்கம் 'குளம்' என்றால் வயலுக்குப் பாயும் பெரிய நீர்நிலை. உங்கள் ஊரில் அதை ஏரி என்பீர்கள், மதுரைப் பக்கம் கண்மாய். சுருக்கத்தில் குளம் என்றே வைத்து, முதல் தடவை மட்டும் 'பாசனக் குளம்' என்று எழுதினால் கோயில் தெப்பக்குளம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். 'பிசானம் போயிட்டு' என்றால் மார்கழியில் வயலில் நின்ற பிசான நெற்பயிர் அழிந்துவிட்டது என்று பொருள். 'ரெண்டு கோட்டை' என்றால் நெல் அளவு, அல்லது அவ்வளவு விதைப்பாடு உள்ள நிலம். எது என்று வாக்கியம் காட்டும். அதைக் கிலோவாகவோ ஏக்கராகவோ நீங்கள் மாற்ற வேண்டாம். 'இடுப்பளவு தண்ணி'யையும் அடிக்கணக்கில் மாற்ற வேண்டாம். யார் இடுப்பு என்று உங்களுக்குத் தெரியாது.

சந்தேகமான துண்டுகளை அந்தப் பக்கத்து ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். 'இது சடலம்தானே' என்று கேட்டால் பாதிப் பேர் மரியாதைக்கு 'ஆமா' என்பார்கள். உங்கள் ஊகத்தைச் சொல்லாமல், 'இதுல என்ன சொல்லுதாவ?' என்று மட்டும் கேளுங்கள். முடிந்தால் அதே ஆற்றுப்பக்கத்து ஆளாக இருக்கட்டும். நாகர்கோவில்காரருக்கும் ஏரல்காரருக்கும் பேச்சு ஒன்று இல்லை. அவருக்கும் தெரியாதவற்றைத் தனியே எழுதி வைத்து, பேசியவரிடமே போனில் கேளுங்கள். 'குளம் ஒடஞ்சிட்டுன்னு யாரு சொன்னாவ, ஆச்சி?' என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் வந்துவிடும்.