போராக்ஸ் சேர்க்காத ஸ்லைமிலும் போரேட் இருக்கும்

கேள்வி: என் ஐந்து வயதுப் பையனுக்குத் தோல் சட்டென்று சிவந்து அரிக்கும். ஸ்லைம், விளையாட்டு மாவு, கிளிட்டர் வேலையெல்லாம் வீட்டிலேயே செய்து கொடுக்கலாமா? பாதுகாப்பு என்று எதை வைத்து முடிவு செய்வது?

என் மகளுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்தே கரப்பான் உண்டு. அதனால் ஒவ்வொரு முறையும் இரண்டு விஷயங்களைப் பார்த்த பிறகே அனுமதிக்கிறேன்: கலவையில் சேரும் ஒவ்வொரு புட்டியின் உட்பொருள் பட்டியல், அன்றைக்கு அவள் விரல்கள் இருக்கும் நிலை. விரலில் வெடிப்போ, சொறிந்த புண்ணோ இருந்தால் அன்றைக்கு மூன்றுமே கிடையாது.

அதிகக் கவனம் தேவைப்படுவது ஸ்லைமுக்குத்தான். ‘போராக்ஸ் இல்லாத ஸ்லைம்’ என்று பரவலாகக் காணப்படும் செய்முறையை எடுத்துக்கொள்ளுங்கள்: ஏறக்குறைய 120 மில்லி பசை, அரைத் தேக்கரண்டி சமையல் சோடா, ஒன்றிரண்டு மேசைக்கரண்டி கான்டாக்ட் லென்ஸ் திரவம். அந்த லென்ஸ் புட்டியைத் திருப்பிப் பார்த்தால் போரிக் அமிலம், சோடியம் போரேட் என்ற பெயர்கள் இருக்கும்; போராக்ஸ் என்பதும் சோடியம் போரேட்தான். பசையிலுள்ள பி.வி.ஏ. என்னும் நீண்ட இழைகளைப் போரேட் ஒன்றோடொன்று பிணைப்பதால்தான் அது இழுபடும் ஸ்லைமாகிறது. ஆகவே இந்த வகைப் பசை அப்படித் திரண்டுவிட்டால், போரேட் ஏதோ ஒரு வடிவில் உள்ளே போயிருக்கிறது என்றே கொள்ளலாம். தோலின் மேற்பரப்பு இயல்பாகச் சற்று அமிலத் தன்மை கொண்டது. போரேட்டும் சமையல் சோடாவும் காரத்தன்மை உடையவை என்பதால், ஏற்கெனவே பலவீனமான தோலை அவை மேலும் வறளச் செய்கின்றன.

இதில் அதிகம் பாதிப்பது பிசையும் நேரம். திரவம் முழுதும் கலந்து முடியாத அந்தச் சில நிமிடங்களில்தான் விரல்களில் போரேட் மிகுதியாகப் படுகிறது. ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் ஊற்றினால், பிணையாமல் மிஞ்சுவதும் கூடுகிறது. எனவே கையுறை அணிந்து நீங்கள் பிசைந்து, திரண்ட பிறகே குழந்தையிடம் கொடுங்கள். பத்து நிமிடம் போதும். பிறகு வெதுவெதுப்பான நீரில் கைகளைக் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, வழக்கமான ஈரப்பதக் களிம்பைத் தடவுங்கள்.

போரேட்டைவிட நான் அஞ்சுவது பசையிலும் திரவ சோப்பிலும் பதப்படுத்தியாகச் சேர்க்கப்படும் மெத்தில்ஐசோதையாசோலினோன் போன்றவற்றை. ‘ஐசோதையாசோலினோன்’ என்று முடியும் பெயர் பட்டியலில் தென்பட்டால் அந்தப் புட்டியை ஒதுக்கிவிடுவேன். போரேட் தருவது எரிச்சல்; விளையாடும்போதோ சில மணி நேரத்திலோ எரியும், நிறுத்தினால் தணியும். இவை தருவது ஒவ்வாமை. ஓரிரு நாள் கழித்து விரல் நுனியிலும் உள்ளங்கையிலும் அரிப்பும் சிறு கொப்புளங்களும் வரும், கையால் தொட்ட கண்ணிமைகூடச் சிவக்கும், அடுத்தடுத்த முறை சிறிதளவு பட்டாலே திரும்பும். பழைய கரப்பான்தான் கிளம்பிவிட்டது என்று எண்ணிக் களிம்பு தடவிக்கொண்டே ஸ்லைமையும் தொடர்ந்து கொடுப்பது எளிதில் நடந்துவிடுகிறது. முன்கையில் சிறிது தடவி மறுநாள் பார்க்கும் சோதனை இதைப் பிடிக்காது, ஏனென்றால் ஒவ்வாமை பழகப் பழகத்தான் உருவாகிறது. இந்த அறிகுறிகள் தெரிந்தால் ஸ்லைமை அறவே நிறுத்திவிட்டு, தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் எனப்படும் ஒட்டுச் சோதனை பற்றிக் கேளுங்கள். பயன்படுத்திய புட்டிகளையும் கொண்டுசெல்லுங்கள்.

பிசுபிசுப்பான விளையாட்டுத்தான் வேண்டுமென்றால், கார்ன்ஃப்ளார் என்று விற்கும் சோளமாவு இரண்டு பங்கில் ஒரு பங்கு தண்ணீர் கலந்து கொடுப்பேன். அழுத்தினால் இறுகும், விட்டால் வழியும். பசையும் போரேட்டும் இல்லை. விளையாடி முடித்ததும் கொட்டிவிட வேண்டும்.

விளையாட்டு மாவில் சிக்கல் குறைவு. அதிலுள்ள உப்பு வெடித்த தோலில் சுரீரென்று எரியும், அளவுக்கு மீறித் தின்றால் ஆபத்தும்கூட. அதனால் அருகில் இருங்கள். கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு மைதாவும் ஆகாது. வாசனை எண்ணெய்களையும் கடலை, பாதாம் எண்ணெய்களையும் தவிர்த்துவிடுங்கள்; புண்பட்ட தோல் வழியே உணவுப் புரதம் உள்ளே போவது புதிய உணவு ஒவ்வாமைக்கே வழிசெய்யக்கூடும்.

கிளிட்டரைப் பொறுத்தவரை தோலைவிடக் கண்ணைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். வழக்கமான கிளிட்டர் கூரிய விளிம்புகளுடன் வெட்டப்பட்ட பிளாஸ்டிக் துணுக்கு. மக்கும் வகை என்றாலும் கருவிழியைக் கீறும். அரிப்புள்ள குழந்தை அடிக்கடி முகத்தைத் தேய்க்கும் என்பதால் உதிரித் தூளைக் கையில் கொடுக்காமல், நீங்களே தாளில் தூவி, பசை காய்ந்து உதிர்ந்ததைத் தட்டிய பிறகு கொடுங்கள். கண்ணில் விழுந்துவிட்டால் கசக்க விடாமல் சுத்தமான நீரால் கழுவுங்கள். அதன் பிறகும் வலித்தாலோ, கண்ணைத் திறக்க முடியாவிட்டாலோ, அன்றே கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.