நான்காம் நாள் மஞ்சளும் மலைப் பனியும்

"டாக்டர், கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் இருக்கிறோம். குழந்தை பிறந்து நான்கு நாள். 37 வாரத்தில் பிறந்தாள். அப்போது எடை 2.8 கிலோ, இன்று 2.55. முகத்திலிருந்து வயிறு வரை மஞ்சளாக இருக்கிறது. அத்தை காலை வெயிலில் காட்டச் சொல்கிறார், ஆனால் ஒரு வாரமாக மூடுபனி. சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாமா? ரத்தம் எடுத்துத்தான் ஆக வேண்டுமா? என் ரத்தம் ஓ பாசிட்டிவ், அவருடையது பி பாசிட்டிவ்."

எடுத்துத்தான் ஆக வேண்டும் அம்மா, இன்றைக்கே.

பிறந்த குழந்தையின் சிவப்பணுக்கள் வேகமாக உடையும். அதிலிருந்து வரும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருளைப் பிரித்து வெளியேற்ற, பிஞ்சுக் கல்லீரலுக்குச் சில நாள் பிடிக்கும். அதனால் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இரண்டாம், மூன்றாம் நாளில் மஞ்சள் தெரியும், ஐந்தாம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போய் இறங்கும். நம் ஏற்பாட்டைப் பாருங்கள்: இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம், செவிலியரின் வீட்டு வருகை அட்டவணையில் 3ஆம் நாளுக்கு அடுத்தது 7ஆம் நாள். மஞ்சள் உச்சத்தில் இருக்கும்போது பார்க்க ஆளில்லை! இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

உங்கள் பெண்ணுக்கு மூன்று காரணங்கள் சேர்ந்திருக்கின்றன. 37 வாரக் குழந்தையின் கல்லீரல் இன்னும் மெதுவானது. அம்மா ஓ, அப்பா பி என்பதால் குழந்தை பி பிரிவாக இருக்கலாம். அப்படியானால் உங்கள் ரத்தத்திலிருந்து அவளுக்குப் போன எதிர்ப்புப் பொருள் அவளுடைய சிவப்பணுக்களை உடைக்கலாம். மூன்றாவது, 250 கிராம் குறைந்திருக்கிறது. அதாவது நூற்றுக்கு ஒன்பது பங்கு. பால் போதவில்லை என்று அர்த்தம்.

பிலிருபின் வெளியேறும் வழி மலம்தான். பால் உள்ளே போனால்தான் மலம் வரும். சர்க்கரைத் தண்ணீர் வயிற்றை மட்டும் நிரப்பும், அப்புறம் குழந்தை மார்பை வாயில் வைக்காது. சங்கில் கழுதைப்பால் விற்று வருகிறவர்களையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள். இரவும் பகலுமாக 8 முதல் 12 முறை தாய்ப்பால் கொடுங்கள். மஞ்சள் கூடினால் குழந்தை தூங்கி வழியும், அழுது கேட்கும் என்று காத்திருக்க வேண்டாம். போர்வையைத் தளர்த்தி, உள்ளங்காலைத் தேய்த்து எழுப்புங்கள். சப்பச் சோர்ந்தால் பாலைப் பிழிந்து பாலாடையில் கொடுக்கலாம். ஐந்தாம் நாளுக்குள் ஆறு முறையாவது சிறுநீர் போக வேண்டும், கரும்பச்சை மலம் கடுகு மஞ்சளுக்கு மாற வேண்டும்.

வெயில் விஷயம். மஞ்சளைக் கரைப்பது வெளிச்சத்தில் உள்ள நீலப் பகுதி. மருத்துவமனை விளக்கு அதையே போதிய அளவில், கண்ணை மூடி, கதகதப்பில், மணிக்கணக்கில் கொடுக்கிறது. பத்து நிமிட வெயில் அதற்கு ஈடாகாது. நம் ஊர்க் குளிரில் துணி அவிழ்த்துக் காட்டினால் உடம்பு சில்லிட்டு, குழந்தை பால் குடிப்பதே நின்றுவிடும்.

இன்னொன்றை மலையில் இருப்பவர்களுக்கு நான் விடாமல் சொல்வேன். பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்த ஸ்வெட்டர், கம்பளியை எடுத்துக் குழந்தைக்குச் சுற்றாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகள் உண்டு. பார்த்தால் தெரியாது. அந்த உருண்டையின் நெடி பட்டாலே அவர்களின் சிவப்பணுக்கள் சடசடவென்று உடைந்து மஞ்சள் ஒரே நாளில் ஏறிவிடும். வெயிலில் உலர்த்தினாலும் வாசம் போகாது. துவைத்து, வாசம் முழுதும் போன பிறகே தொடலாம். ஏற்கெனவே சுற்றியிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பரிசோதனையை எங்கே எடுப்பது என்பதில்தான் ஏமாறுகிறார்கள். கடைத்தெருவில் ரத்தம் சேகரித்துக் கீழே கோவைக்கு அனுப்பும் இடங்களில், மூவாயிரம் ரூபாய் 'பேக்கேஜ்' என்று ஆள் பிடித்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். வெளிச்சம் பட்டால் குழாயில் இருக்கும் பிலிருபினும் சிதையும், அளவு குறைவாகக் காட்டும். முடிவு வருவதோ மறுநாள். என்னிடம் வந்த ஒரு குழந்தைக்கு அப்படி வந்த சீட்டில் 11 என்று இருந்தது. நாங்கள் எடுத்தபோது 19. நேரே பச்சிளம் குழந்தைப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அங்கே இலவசம். பிலிருபின் அளவு, குழந்தையின் ரத்தப் பிரிவு இரண்டையும் கேளுங்கள். பிறந்த நேரத்தை மணியோடு எழுதிக்கொண்டு போங்கள். 24 மணி நேரக் குழந்தைக்கு 12 என்றால் விளக்கு தேவைப்படலாம், ஐந்தாம் நாளில் அதே 12 பெரும்பாலும் கவனித்தால் போதும்.

மஞ்சள் உள்ளங்கை, உள்ளங்கால் வரை வந்தாலோ, பால் குடிக்க எழாமல் துவண்டாலோ, கீச்சென்று அழுது முதுகை வில்லாக வளைத்தாலோ, அது மூளையைத் தொடக்கூடிய மஞ்சள். அப்போது பேருந்துக்கு நிற்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.