நோட்டீஸ் வரும்வரை மெயில் காத்திருக்காது

கேள்வி: எங்கள் கம்பெனியில் மைக்ரோசாஃப்ட் 365 மெயில். 90 நாள் ஆன மெயில் தானாக அழியும்படி வைத்திருக்கிறோம். மார்ச் 12 அன்று ஒரு சப்ளையருக்கு ஆர்டர் கொடுத்தோம். சரக்கு சரியில்லை என்று பணத்தை நிறுத்தி வைத்தோம். ஜூன் 5 அன்று "கோர்ட்டுக்குப் போவேன்" என்று அவர் மெயில் போட்டிருக்கிறார். வக்கீல் நோட்டீஸ் இன்னும் வரவில்லை. ஆர்டர் கொடுத்த மேனேஜர் மே 20-ல் வேலையை விட்டுப் போய்விட்டார், அவர் கணக்கை அன்றே அழித்துவிட்டோம். அழிப்பதை இப்போதே நிறுத்த வேண்டுமா, நோட்டீஸ் வந்த பிறகு போதுமா?

பதில்: இப்போதே நிறுத்துங்கள். வழக்கு வரக்கூடும் என்று உங்களுக்கு நியாயமாகத் தெரிந்த நாளிலிருந்தே ஆவணங்களைக் காக்க வேண்டும் என்றுதான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. உங்களுக்கு அந்த நாள் ஜூன் 5. "நோட்டீஸ் கையில் வரவில்லை, அதனால் தெரியாது" என்று பின்னால் சொல்ல முடியாது, அந்த மெயிலே எதிராளியின் கையில் இருக்கிறது.

நாள் கணக்கைப் பாருங்கள். மார்ச் 12-ஆம் தேதி மெயிலுக்கு ஜூன் 10-ல் 90 நாள் முடிகிறது. ஆர்டர் மெயில் போகும், மறுநாள் அதற்கு வந்த பதில் போகும், அப்புறம் தரம் பற்றிப் பேசிக்கொண்டவை ஒவ்வொன்றாகப் போகும். மெயில்பெட்டியிலிருந்து அழிந்த பிறகும் ஒரு மறைவுக் கோப்புறையில் வழக்கமாக 14 நாள் கிடக்கும். ஆனால் அதை நம்பி ஒரு வாரம் தள்ளிப்போடாதீர்கள்.

அதைவிட அவசரம், போன மேனேஜரின் கணக்கு. அழித்த கணக்கையும் அதன் மெயில்பெட்டியையும் 30 நாளுக்குள் மீட்கலாம். மே 20-ல் அழித்ததால் உங்களுக்கு ஜூன் 19 வரைதான் நேரம். கணக்கை மீட்டு, உரிமத்தை மறுபடி கொடுத்து, பிறகு உள்ளே இருப்பது எதுவும் அழியாமல் தடுக்கும் ஹோல்டைப் போடச் சொல்லுங்கள். ஹோல்டு போட்ட பின் கணக்கை நீக்கினால் மெயில்பெட்டி செயலற்ற பெட்டியாகத் தங்கிவிடும். வரிசை மாறினால் கை நழுவிவிடும்.

உங்கள் ஐ.டி. ஆள் எக்ஸ்சேஞ்ச் பவர்ஷெல்லில் அடிக்க வேண்டியது இவ்வளவுதான். இரண்டாவது வரி, ஹோல்டு உண்மையில் விழுந்ததா என்று பார்ப்பதற்கு:

```
Set-Mailbox -Identity "manager@example.com" -LitigationHoldEnabled $true
Get-Mailbox -Identity "manager@example.com" | Format-List LitigationHold*
```

அமலுக்கு வர 4 மணி நேரம் வரை ஆகலாம். `LitigationHoldEnabled : True` என்று வந்த திரையைத் தேதியோடு பிரின்ட் எடுத்து வையுங்கள். இனி அந்தப் பெட்டியில் 90 நாள் விதி ஓடினாலும், யாராவது கையால் அழித்தாலும், உள்ளே ஒரு பிரதி இருக்கும். அதனால் மற்ற எல்லோருக்குமான 90 நாள் விதியைத் தொடத் தேவையில்லை. ஆனால் சில மலிவான திட்டங்களில் இந்த வசதியே கிடையாது. ஒரு சின்னக் கம்பெனி தன் ஆதாரத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கூடுதல் காசு கட்ட வேண்டியிருப்பது எனக்கு இன்றும் எரிச்சலாக இருக்கிறது. வசதி இல்லை என்றால் யோசிக்காமல் 90 நாள் விதியையே முழுவதுமாக நிறுத்திவையுங்கள். இந்த ஹோல்டு மெயிலுக்கானது. ஒன்டிரைவிலும் ஷேர்பாயின்டிலும் உள்ள கோப்புகளுக்கு மைக்ரோசாஃப்டின் பர்வியூ நிர்வாகப் பக்கத்தில் தனியாக ஹோல்டு போட வேண்டும்.

யார் யார் பெட்டிக்கு ஹோல்டு போட வேண்டும்? இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். நான் ஆலோசனை சொன்ன ஒரு கம்பெனியில் இயக்குநர் பெட்டிக்கும் மேனேஜர் பெட்டிக்கும் ஹோல்டு போட்டார்கள். சரக்கு இறங்கியபோது குறை எழுதியது ஸ்டோர்ஸில் இருந்த ஒரு கிளார்க். அவர் மெயிலை யாரும் நினைக்கவில்லை. வழக்கில் கேட்கப்பட்ட முதல் தாள் அதுதான், அது இல்லை. ஆர்டர் போட்டவர், சரக்கை வாங்கியவர், தரம் பார்த்தவர், பணத்தை நிறுத்தச் சொன்னவர், பில் பார்த்தவர் என்று சரக்கு போன வழியிலேயே நடந்து பெயர் எழுதுங்கள்.

வாட்ஸப்பையும் விடாதீர்கள். மறையும் செய்திகள் 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று வைக்கப்பட்டிருக்கலாம். இதை இன்று அணைத்தாலும் இனி வரும் செய்திகள்தான் தப்பும், ஏற்கெனவே கடிகாரம் ஓடுபவை மறைந்தே தீரும். அதனால் இன்றே அந்த அரட்டையை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து, போனையும் மாற்றாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இப்போது உங்களைத் தேடி இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒருவர், "நோட்டீஸ் வருமுன் சுத்தம் பண்ணிவிடலாம், அப்போது குற்றமில்லை" என்பார். அவர் சொல்வது பொய். நீங்கள் அதைச் செய்துவிட்டு வழக்கில் நிற்கும்போது, யோசனை சொன்ன அவர் உங்கள் பக்கத்தில் இருக்க மாட்டார். அழித்தது தெரிந்தால், அழிந்ததில் உங்களுக்கு எதிரானதுதான் இருந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ள இடம் உண்டு. கைவசம் நல்ல வழக்கு இருந்தும் இதனாலேயே தோற்கலாம். இன்னொருவர், கம்பெனியில் உள்ள எல்லா லேப்டாப்பையும் நகலெடுக்கப் பெரிய பில் நீட்டுவார். நீங்கள் சொன்ன இந்தச் சச்சரவுக்கு அது தேவையில்லை. இவர்களைத் தவிர உள்ளேயே ஒரு ஆபத்து உண்டு: நல்ல எண்ணத்தோடு மெயில்களை ஃபார்வர்ட் செய்தும் பி.டி.எஃப். ஆக்கியும் சேர்ப்பவர்கள். அப்படிச் செய்த பிரதியில் மூல மெயிலின் ஹெடர் இருக்காது. யார், எப்போது, எந்த வழியாக என்பதைக் காட்டுவது அந்த ஹெடர்தான். இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

பேக்கப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பேரிடர் மீட்புக்காக எடுக்கப்பட்டு, சுழற்சியில் மேலெழுதப்படும் பேக்கப்பைப் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஜுபுலேக் எதிர் யு.பி.எஸ். வார்பர்க் வழக்கில் 2003-ல் நீதிபதி ஷீரா ஷைண்ட்லின் இதைச் சொன்னார், கூடவே ஒரு விலக்கும் வைத்தார். முக்கிய நபர் ஒருவரின் மெயில் எந்த பேக்கப் டேப்பில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்து, அது வேறெங்கும் இல்லை என்றால், அந்த டேப்பை வைத்திருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் இதன் பொருள் என்ன? மேனேஜரின் கணக்கு மீண்டுவிட்டால் பேக்கப் வழக்கம்போல் சுழலட்டும். மீளாவிட்டால், மே 20-க்கு முன் எடுத்த கடைசி பேக்கப்பை மட்டும் வெளியே எடுத்து, மேலே தேதி எழுதிப் பூட்டி வையுங்கள். மற்ற டேப்புகள் சுழலலாம். அவர் கணக்கு பாதி மீண்டு பாதி போயிருந்தாலும் அந்த ஒரு டேப் வேண்டும். சந்தேகமிருந்தால் அதை வைத்துக்கொள்வதே நல்லது, ஒரு டேப்பால் கம்பெனி நின்றுவிடாது.

பட்டியலில் உள்ளவர்களுக்கு இன்றே எழுத்தில் சொல்லுங்கள். நீளம் வேண்டாம்: "மார்ச் 12 ஆர்டர் தொடர்பான மெயில், கோப்பு, வாட்ஸப், கைக்குறிப்பு எதையும் அழிக்கவோ திருத்தவோ வேண்டாம். போன் அல்லது லேப்டாப் மாற்றுமுன் எனக்குச் சொல்லவும். புரிந்தது என்று பதில் போடவும்." பதில் வராதவரிடம் நேரில் போய்க் கேளுங்கள்.

வழக்கு முடிய எத்தனை வருடம் ஆகும் என்று யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். வாய்தா வாய்தாவாக நீளும்போது ஆட்கள் மாறுவார்கள், ஹோல்டு போட்டதே மறந்துபோகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே கடிதத்தைத் திரும்ப அனுப்புங்கள். வேலையை விட்டுப் போகிறவர் பெயர் இந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஹெச்.ஆர். கணக்கை மூடக் கூடாது. தீர்ப்பு வந்து, அப்பீல் காலமும் முடிந்து, உங்கள் வக்கீல் எழுத்தில் சொன்ன பிறகே ஹோல்டை எடுங்கள். எடுப்பதற்கு முன் வேண்டிய மெயில்களைத் தனியாக எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். ஹோல்டு போன பிறகு, 90 நாள் விதியில் அழிந்து உள்ளே பிரதியாக மட்டும் இருந்த பழைய மெயில் எல்லாம் ஒட்டுமொத்தமாகப் போய்விடும்.